இரண்டைக் கொடு, மூன்றை வெட்டு

செக்கர்ஸில் எதிராளியின் கையைப் பிடித்து நாமே காயை நகர்த்த வைக்கலாம். அதற்கு விதியே இடம் தருகிறது. வெட்ட வாய்ப்பு இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். "வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் வெட்ட மறந்தவரின் காயை எதிராளி பலகையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு தண்டனை இருந்தது. இன்றைய போட்டி விதிகளில் அது இல்லை. மறந்தவர் நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒழுங்காக வெட்ட வேண்டும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆடப்படும் 64 கட்ட ஆட்டத்தைத்தான் இங்கே பார்க்கிறோம். சாதாரணக் காய் முன்பக்கமாக மட்டுமே சாய்வாக நகரும், முன்பக்கமாக மட்டுமே வெட்டும். எதிரிக் காயைத் தாண்டி அடுத்த காலிக் கட்டத்தில் இறங்குவதுதான் வெட்டு. இறங்கிய இடத்திலிருந்து இன்னொன்றை வெட்ட முடிந்தால் அதையும் அதே முறையில் வெட்டியாக வேண்டும். இரண்டு வழிகளில் வெட்டலாம் என்றால் எதை எடுப்பது என்பது மட்டும் ஆடுபவரின் விருப்பம். 100 கட்டப் பலகையில் ஆடும் சர்வதேச ஆட்டத்தில் அந்த விருப்பமும் கிடையாது; அதிகக் காய்கள் விழும் வழியையே எடுக்க வேண்டும்.

கொடுத்து வாங்கும் இந்த அடியை ஆட்டக்காரர்கள் ஷாட் என்பார்கள். ஒரு ஷாட்டைப் பலகையில் வைத்தே பார்த்துவிடலாம். வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் பக்கம் உட்கார்ந்து, இடது கை மூலையில் கறுப்புக் கட்டம் வரும்படி வையுங்கள். கறுப்புக் கட்டங்களுக்கு மட்டும் எண் உண்டு. எதிர்க்கோடியில் இருக்கும் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. அதற்கு அடுத்த வரிசையில் 5 முதல் 8 வரை. இப்படியே வந்தால் உங்கள் மடியை ஒட்டிய வரிசை 29 முதல் 32 வரை. கறுப்பு மேலிருந்து இறங்கி வரும், வெள்ளை கீழிருந்து ஏறிப் போகும்.

வெள்ளைக் காய்களை 14, 23, 24, 27, 32 ஆகிய கட்டங்களில் வையுங்கள். கறுப்புக் காய்கள் 5, 6, 8, 12, 16. ஆளுக்கு ஐந்து. கறுப்பு இப்போதுதான் 11-லிருந்து 16-க்கு வந்திருக்கிறது. அடுத்து வெள்ளையின் முறை.

பார்வைக்கு அமைதியான நிலைதான். எந்தக் காயும் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனால் கறுப்பின் வீட்டுப் பக்கம் இருக்கும் ஓட்டைகளைக் கவனியுங்கள். 8-ல் ஒரு காய். அதற்கு முன்னே 11 காலி, பின்னே 4 காலி. 11-ல் ஒரு வெள்ளைக் காய் வந்து இறங்கினால் 8-ஐத் தாண்டி 4-க்குப் போய் ராஜா ஆகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர் இந்த முடிவிலிருந்துதான் பின்னோக்கி யோசிப்பார். 11-க்கு எங்கிருந்து தாண்டி வரலாம்? 18-லிருந்து, 15-ல் ஒரு கறுப்புக் காய் இருந்தால். 18-க்கு? 27-லிருந்து, 23-ல் ஒரு கறுப்புக் காய் இருந்தால். 27-ல் நம் காய் தயாராக நிற்கிறது. 15-லும் 23-லும்தான் கறுப்பு இல்லை. இல்லாததைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். கூலி ஆளுக்கு ஒரு காய்.

முதலில் வெள்ளை 14-லிருந்து 10-க்கு நகர்கிறது. 6-ல் இருக்கும் கறுப்புக்கு வேறு வழியில்லை. 10-ஐ வெட்டி 15-ல் இறங்குகிறது. ஒன்று போயிற்று. இப்போது வெள்ளைக்கு வெட்ட எதுவும் இல்லை, அதனால் முறை சுதந்திரமாகக் கையில் இருக்கிறது. அடுத்து 23-லிருந்து 19-க்கு. 15, 16 இரண்டுமே இந்தக் காயை முறைத்துப் பார்க்கின்றன. 15-ல் இருப்பது 19-ஐத் தாண்டினால் 24-ல் இறங்க வேண்டும். அங்கே வெள்ளை நிற்கிறது. ஆகவே வெட்ட முடிவது 16-ஆல் மட்டுமே. அது 19-ஐ வெட்டி, வெள்ளை இப்போதுதான் காலி செய்த 23-ல் வந்து விழுகிறது. இரண்டு போயிற்று.

இப்போது அறுவடை. 27-ல் இருந்த வெள்ளை 23-ஐத் தாண்டி 18, 15-ஐத் தாண்டி 11, 8-ஐத் தாண்டி 4. ஒரே முறையில் மூன்று காய், கூடவே ராஜா மகுடம். பலகையில் கறுப்புக்கு 5-லும் 12-லும் இரண்டு சாதாரணக் காய்கள்; வெள்ளைக்கு ஒரு ராஜாவும் இரண்டு காய்களும். 4 ஓரக் கட்டம் என்பதால் ராஜாவைத் திருப்பி வெட்டவும் முடியாது.

இதே இரண்டு நகர்த்தலை இடம் மாற்றி ஆடினால் என்ன ஆகும்? 23-லிருந்து 19-க்கு முதலில் போனால், 16 வெட்டி 23-க்கு வரும். வெட்டும் கட்டாயம் வெள்ளைக்கும் உண்டல்லவா? 27 உடனே 23-ஐ வெட்டி 18-க்குப் போயே தீர வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, ஷாட் தீர்ந்தது. அதோடு விடாமல் பழைய நினைப்பில் 14-லிருந்து 10-க்குப் போனால் இன்னும் மோசம். 6 அதை வெட்டி 15-ல் இறங்கி, அதே மூச்சில் 18-ஐயும் வெட்டி 22-க்கு வந்துவிடும். தன் முறை தன்னிடம் திரும்பி வரும்போது வெட்டு எதுவும் காத்திருக்கக் கூடாது. கடைசிப் பெரிய வெட்டு மட்டுமே காத்திருக்கலாம். முதலில் 10, பிறகு 19 என்ற வரிசை அதற்காகத்தான்.

சும்மா நிற்பதுபோல் தெரியும் காய்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 32-ல் வெள்ளை இல்லாவிட்டால், 23-க்கு வந்த கறுப்பு நிற்காமல் 27-ஐயும் வெட்டி 32-ல் போய் ராஜா ஆகிவிடும். மூன்றை வெட்டப் போகும் காயே பலகையில் இருக்காது. 24-ல் வெள்ளை இல்லாவிட்டால் கறுப்புக்கு 15-ஆல் வெட்டும் வழியும் திறந்துவிடும். கறுப்புக்கு 7-ல் ஒரு காய் கூடுதலாக இருந்தால், 10-ஐ அது வெட்டி 14-க்குப் போகும். 15-க்கு யாரும் வர மாட்டார்கள். ஒவ்வொரு பலியிலும் "இதை வேறு எந்தக் காய் வெட்ட முடியும்?" என்று பார்க்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டைக் கொடுத்த பிறகு எதிராளி வேறு பாதையில் போய்விட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமையான மாற்றம் 4-ல் ஒரு கறுப்புக் காய் இருப்பது. அப்போது வெள்ளை இரண்டை மட்டும் வெட்டி 11-ல் நின்றுவிடும். உடனே 8 அதை வெட்டி 15-க்குப் போகும். இரண்டைக் கொடுத்து மூன்றை வாங்க வந்தவர் மூன்றைக் கொடுத்து இரண்டோடு எழுந்திருப்பார். அதனால் கடைசித் தாண்டல் எங்கே முடிகிறது, அங்கே நிற்கும் காய் பத்திரமா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கறுப்பு எங்கே சறுக்கியது? 11-லிருந்து 16-க்குப் போனதில். அந்த ஒரு நகர்த்தலில் இரண்டு காரியம் நடந்தது: 11 காலியானது, 19-ஐ வெட்டி 23-க்குப் போகக்கூடிய காயும் தானாக வந்து சேர்ந்தது. கறுப்புக்காரர்கள் எதிராளி ராஜா ஆகாமல் தடுக்க வழக்கமாக 1-லும் 3-லும் காய்களைப் பிடித்து வைப்பார்கள். பொதுவாக நல்ல காவல்தான். ஆனால் இந்த நிலையில் 5, 12 காய்களுக்குப் பதில் 1-லும் 3-லும் காய்களை வைத்து ஆடிப் பாருங்கள். வெள்ளை அதே வழியில் போய் 4-ல் மகுடம் சூடும்.