செப்டம்பர் மாத பில்லை யார் கட்டுவது?



நம் அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய மண்டபத்தை உங்களுக்குத் தெரியும். விக்டோரியா காலத்துச் செங்கல் சுவர், சிலேட் ஓட்டுக் கூரை, மழைநாளில் மேடைக்கு வலப்பக்கம் வைக்கும் இரண்டு வாளிகள். அதைப் பழுதுபார்க்கப் பணம் சேர்த்துவிட்டோம் என்று ஆராதனைக்குப் பிறகு அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த வாரமே கமிட்டியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். "நர்ஸ்தானே, கணக்கு எழுதிப் பழக்கம் இருக்கும்" என்றார் பொருளாளர் அங்கிள். நான் எழுதுவது நோயாளி குடித்த தண்ணீரும் வெளியேறிய தண்ணீரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுவும் அதே கணக்குதான். நாள் முடிவில் கூட்டுத்தொகை சரியாக வந்தாலும், நடுவில் எந்த மணி நேரத்தில் வற்றிப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

எண்களைச் சற்று முழுமைப்படுத்திச் சொல்கிறேன். மொத்தச் செலவு 1,80,000 பவுண்டு. கூரை, மழைநீர்ப் பீலி, ஈயத் தகடு, சாரம் எல்லாம் சேர்த்து 96,000. சுவரும் ஜன்னல்களும் 42,000. உள்ளே தரை, ஹீட்டிங், பெயின்ட் 24,000. எதிர்பாராத செலவுக்கு 18,000. இவை எல்லாம் 20 சதவீத வாட் வரியோடு சேர்ந்த தொகைகள். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க வரிச்சலுகை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக இல்லை. கான்ட்ராக்டர் தரும் மதிப்பீட்டில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

வரவும் 1,80,000தான். கையில் 20,000. ஒரு கொடை நிறுவனத்தின் மானியம் 1,00,000. ஐம்பது குடும்பங்கள் மாதம் 50 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுகள் தருவதாக எழுதிக்கொடுத்த 60,000. தாளில் ஒரு பவுண்டுகூட இடிக்கவில்லை.

இடித்தது தேதிதான். மானியம் ஒரே நாளில் வராது. இங்கே பிரிட்டனில் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியம் சிறிய மானியங்களைப் பாதி முன்பணமாகவும், 40 சதவீதத்தை நடுவிலும், கடைசி 10 சதவீதத்தை வேலை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகும் தருவது வழக்கம். நமக்குக் கிடைத்த மானியமும் அதே அமைப்புதான். இரண்டாம் தவணை வேண்டுமென்றால் முதல் தவணை செலவானதைப் பில்களோடு காட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் மானியத்தின் பங்கு அவர்களது விகிதப்படிதான் கணக்கில் வரும். 1,80,000-ல் 1,00,000 அவர்களுடையது. ஆகவே அவர்களது 50,000 செலவானதாகக் காட்ட நாம் மொத்தம் 90,000 கட்டியிருக்க வேண்டும்.

இப்போது மாதம் மாதமாகப் பாருங்கள். கூரை வேலை மே தொடங்கி ஆகஸ்டு வரை. கான்ட்ராக்டர் முடித்த வேலையை மாதக் கடைசியில் ஆர்க்கிடெக்ட் பார்த்துச் சான்று தருவார். நாம் அடுத்த மாதம் கட்ட வேண்டும். அப்படி ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் என்று நான்கு பில்கள், ஒவ்வொன்றும் 24,000. குடும்பங்களின் காணிக்கை ஜனவரியில் தொடங்குகிறது, மாதம் 2,500. ஆக மே முடிவில் கையில் இருப்பது 20,000, மானியத்தின் முதல் 50,000, ஐந்து மாதக் காணிக்கை 12,500, மொத்தம் 82,500. ஜூன் பில் கட்டியபின் 61,000. ஜூலையில் 39,500. ஆகஸ்டில் 18,000. செப்டம்பரில் 2,500 வருகிறது, 24,000 போக வேண்டும். 3,500 பவுண்டு குறைகிறது.

இரண்டாம் தவணையைக் கேட்கலாமே என்பீர்கள். ஆகஸ்டு வரை கட்டியது 72,000தான். 90,000-ஐத் தாண்டுவது செப்டம்பர் பில்லைக் கட்டிய பிறகுதான். 40,000 பவுண்டுக்கான கதவைத் திறக்கும் பில்லே நம்மால் கட்ட முடியாத பில்லாக இருக்கிறது. கமிட்டி அறை அப்போது அமைதியானதை இன்னும் மறக்கவில்லை.

இதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால்தான். பழைய கூரையில் ஓட்டைக் கழற்றிய பிறகே கீழே உள்ள மரம் தெரியும். பீலி நிரம்பி வழிந்த இடத்தில், கைமரத்தின் நுனி சுவரில் உட்காரும் பகுதி மக்கிப்போயிருக்கும். அதற்கு 9,000 ஆகும் என்று வைத்தால் பள்ளம் 12,500 ஆகிறது. எதிர்பாராத செலவுக்கென்று 18,000 ஒதுக்கியிருக்கிறோமே என்றால், அது பட்ஜெட்டில் இருக்கிறது, வங்கியில் அந்த மாதம் இல்லை.

வேலையைப் பாதியாகப் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூரையைப் பிரித்தால் சாரத்தை இரண்டு முறை கட்ட வேண்டும், இரண்டு முறையும் வாடகை. தள்ளிப்போடலாமா என்றால், இந்தக் கட்டடத்துக்குப் பயன்படுத்த வேண்டிய சுண்ணாம்புச் சாந்து குளிரில் இறுகாது. ஐந்து டிகிரிக்குக் கீழே அதைப் பூசக்கூடாது. இறுகும் முன் உறைபனி பட்டால் வசந்தத்தில் தூளாக உதிர்ந்துவிடும். இரண்டு மாதம் தாமதித்தால் 5,000 கூடும், ஆனால் கடைசியில் பூசிய சாந்து இறுகும் முன் நவம்பர் பனி வந்துவிடக்கூடும். சிமென்ட் வைக்கலாமே என்று கேட்காதீர்கள். செங்கல்லைவிடக் கெட்டியான சாந்து ஈரத்தைச் செங்கல்லுக்குள் தள்ளி அதன் முகத்தை உடைக்கும்.

அதே வங்கிக் கணக்கில் வாலிபர் முகாமுக்காகக் கொடுக்கப்பட்ட பணமும் இருந்தது. "ஒரு மாதத்துக்குத்தானே?" என்ற குரல் எழுந்தது. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணத்தை வேறொன்றுக்கு எடுத்தால், திருப்பி வைத்தாலும் அது அறங்காவலர்களின் கடமை மீறல்தான். வங்கித் தாளில் தெரியும் மொத்தத் தொகையைப் பார்த்துத் தைரியம் கொள்வது இங்கேதான் ஆபத்தாகிறது.

கடைசியில் உதவியது இரண்டு சாதாரண விஷயங்கள். காணிக்கையை ஜனவரியில் அல்ல, வேலைக்கு முந்திய செப்டம்பரிலேயே தொடங்கினோம். மொத்தம் அதே 60,000தான், ஆனால் நெருக்கடி மாதத்துக்குள் 10,000 கூடுதலாகக் கையில் இருக்கும். இரண்டாவது கிஃப்ட் எய்ட். வருமான வரி கட்டுகிறவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அவர் தந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் திரும்பப் பெறலாம். நாம் அதை ஆண்டுக்கு ஒரு முறை சோம்பலாகக் கேட்டு வந்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்டால், முந்திய செப்டம்பர் முதல் ஜூன் வரை சேர்ந்த 25,000-க்கு 6,250 ஆகஸ்டுக்குள் வந்துவிடும். பள்ளமாக இருந்த 3,500 இப்போது 12,750 மிச்சமாகிறது. மக்கிய மரத்துக்கு 9,000 போனாலும் 3,750 நிற்கும். எல்லோரும் வரி கட்டுகிறவர்கள் அல்லவே, ஆகவே அதிலும் கொஞ்சம் குறையும். கையெழுத்துப் படிவங்களை வீடு வீடாகக் கொண்டுபோனது நீங்கள்தான். படிவத்தில் வீட்டு முகவரி விடுபட்ட பதினோரு வீடுகளுக்கு மறுபடியும் அனுப்பியதற்கு என்மேல் கோபம் வேண்டாம்.

சுவர் வேலை அடுத்த ஏப்ரலில். இடையில் வரும் குளிர்காலம் வீண் அல்ல. ஆண்டுக்கணக்கில் நனைந்த சுவர் உலர மாதங்கள் பிடிக்கும், அதற்குள் காணிக்கையும் சேரும். பெயின்ட் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. மானியத்தின் இறுதி 10,000 எல்லா பில்லையும் கட்டிய பிறகே வரும் என்பதால், பணம் குறைந்தால் நிறுத்திவைக்கக்கூடிய வேலை கடைசியில் இருக்க வேண்டும். கூரையைப் பாதியில் நிறுத்த முடியாது, பெயின்டை நிறுத்தலாம்.

ஒன்றை மட்டும் எளிமைக்காக விட்டுவிட்டேன். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தை நாம் பிடித்துவைப்போம், வேலை முடிந்ததும் பாதியைக் கொடுத்து, மீதியைக் குறைகள் சரிசெய்யும் காலம் முடிந்தபின் கொடுப்போம். இப்போது அது நமக்கு மூச்சு விட இடம் தருகிறது. ஆனால் அந்த மீதியைக் கட்டும் நாள் மானியக் கணக்கை மூடும் நாளுக்குப் பிறகு வந்தால், அதில் கொடையாளரின் பங்கு கிடைக்காமல் போகலாம். அதைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது.