33 வயதில் பிளஸ் டூ மாணவி... தெரியுமா?

1978-ல் வெளிவந்த 'கிரீஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவி ரிஸோவாகக் கலக்கிய ஸ்டாக்கார்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது வயது 33! நாயகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28. பள்ளி மாணவியாக நடிக்கும் வயதைத் தாண்டிவிட்டோமோ என்று அவருக்கே பயம். ஸ்கிரீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்!

நிஜமான பதினாறு வயதுப் பிள்ளைகளையே நடிக்கவைத்தால் என்ன? சட்டம் குறுக்கே நிற்கிறது! கலிபோர்னியாவில் பள்ளி நாட்களில் 16, 17 வயதுக்காரர்களிடம் 6 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். மேலும் 3 மணி நேரம் படிப்பு, ஒரு மணி நேரம் ஓய்வு. பாடம் சொல்லித்தர ஆசிரியர் ஒருவர் படப்பிடிப்புத் தளத்திலேயே இருக்க வேண்டும். வகுப்பறைக் காட்சியில் இருபது பேரும் சிறார்கள் என்றால் தயாரிப்பாளரின் கதி என்ன ஆகும், யோசியுங்கள்! 18 வயதைத் தாண்டியவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தொடர் பல வருடம் ஓடினாலும், வளர்ந்து முடிந்த முகம் சட்டென்று மாறாது, குரலும் உடையாது.

இனிதான் மேக்கப்பின் மாயம்! இளமையாகக் காட்ட அப்பிப் பூசுவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! பவுடர் கூடினால் அது சுருக்கங்களில் போய்த் தங்கி வயதைக் கூட்டிவிடும். அதனால் மெல்லிய ஃபவுண்டேஷன், கன்னத்தில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். நெற்றிக் கோடுகளை முன்முடி மறைத்துவிடும். ஆண்களுக்குப் பெரிய எதிரி, ஷேவ் செய்த பிறகும் தாடையில் தெரியும் நீலச் சாயல். அதன் மேல் ஆரஞ்சு நிறக் கரெக்டரைத் தொட்டுவைத்தால் நீலம் அடங்கிவிடும்! மிச்சத்தை ஒளிப்பதிவாளர் பார்த்துக்கொள்வார். கேமராவை ஒட்டி முன்பக்கமிருந்து மென்மையான ஒளி விழுந்தால், மூக்கோரத்து மடிப்புகளில் நிழலே விழாது.

ஆனால் உண்மையான சூட்சுமம் நடிகர் தேர்வில் இருக்கிறது. 'கிரீஸ்' வகுப்பில் முக்கிய வேடக்காரர்களில் பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டியவர்கள். எல்லோருமே பெரியவர்கள் என்பதால் யாரும் தனியாக உறுத்தவில்லை!

இது சறுக்கிய கதையும் உண்டு. 'டியர் இவான் ஹான்சன்' நாடகத்தில் பள்ளி மாணவனாக நடித்து டோனி விருது வாங்கியவர் பென் பிளாட். மேடைக்கும் ரசிகருக்கும் இருந்த தூரம் அவரைக் காப்பாற்றியது. அது 2021-ல் படமாகத் திரைக்கு வந்தபோது அவருக்கு 28. குளோசப் ஷாட்டுகள், பக்கத்திலோ அவரைவிட இளைய முகங்கள். வயதுதான் முதலில் கண்ணில் பட்டது, விமர்சகர்கள் விடவில்லை! என் கணிப்பில் அங்கே தவறியது மேக்கப் மட்டுமல்ல, அவரைச் சுற்றி நிறுத்திய கூட்டமும்தான்.

அடுத்த முறை பள்ளிக்கூடத் தொடர் பார்க்கும்போது முகத்தை விட்டுவிடுங்கள். கழுத்தையும் புறங்கையையும் கவனியுங்கள். வயதை மறைக்க மிகக் கடினமான இடங்கள் அவை!