எந்தச் சட்டம், எந்தப் பக்கம்?

கொலைக்கு மரண தண்டனை பற்றி எழுதும் சட்ட மாணவர் 'பிரிவு 302' என்று மட்டும் குறித்தால் இன்று குழப்பம்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குத் தண்டனை, பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் பிரிவு 103(1). அதற்கு முந்தைய கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம், 1860-இன் 302-தான். குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள்.

தீர்ப்பை இப்படிக் குறிக்கலாம்: பச்சன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம், (1980) 2 எஸ்.சி.சி. 684. ஆண்டு, தொகுதி, தொகுப்பின் பெயர், தொடக்கப் பக்கம் என்பது வரிசை. ஏ.ஐ.ஆர். தொகுப்பில் இதற்கு வேறு எண். நடுவில் தொகுப்பை மாற்றாதீர்கள். குறிப்பிட்ட வாதத்துக்குப் பத்தி எண்ணும் வேண்டும்.

ஒரு பொறி உண்டு. நீதிபதி பகவதியின் மாறுபட்ட தீர்ப்பு தனியே (1982) 3 எஸ்.சி.சி. 24-இல் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டினால் 'மாறுபட்ட தீர்ப்பு' என்று கட்டாயம் எழுதுங்கள்.