கடைசித் துளி எவ்வளவு தூரம் தள்ளும்?

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடச் சிக்கனமானது என்பது ஊரறிந்த செய்தி. பொறியியல் பாடநூலோ, ஒரே அமுக்க விகிதத்தில் பெட்ரோல் எஞ்சினின் ஓட்டோ சுழற்சிக்குத்தான் திறன் அதிகம் என்கிறது. இரண்டும் உண்மை.

18 பங்கு காற்றை ஒரு பங்காகப் பிஸ்டன் அமுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அமுக்க விகிதம் 18. ஓட்டோ சுழற்சியில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் அந்தக் கணத்திலேயே எரிபொருள் முழுவதும் எரிந்துவிடுகிறது. அதனால் எல்லா வெப்பமும் 18 மடங்கு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இலட்சியக் கணக்கில் இதன் திறன் 1 − 1/18^0.4, அதாவது 68.5 சதவீதம்.

டீசல் சுழற்சியில் எரிதல் உச்சியில் தொடங்கினாலும், பிஸ்டன் கீழிறங்கும்போதும் நீடிக்கிறது. எரிந்து முடியும்போது உள்ள கொள்ளளவு, தொடங்கியபோது இருந்ததைப்போல் எத்தனை மடங்கு என்பதே கட்-ஆஃப் விகிதம். அது 2 என்று கொள்வோம். முதல் துளியின் வெப்பம் 18 மடங்கு விரிகிறது. கடைசித் துளி எரியும்போது பாதை பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்குக் கிடைப்பது 9 மடங்கு விரிவுதான். மேலே உள்ள சூத்திரத்தில் 18க்குப் பதில் 9 போட்டால் 58.5 சதவீதம். முதல் துளி முதல் கடைசித் துளி வரை சராசரி எடுத்தால் 63.2 சதவீதம். டீசல் சுழற்சியின் திறன் இதுவே.

மேட்டில் ஏறும் லாரிக்கு அதிக எரிபொருள் தேவை, எரிதல் நீளும். கட்-ஆஃப் விகிதம் 3 ஆனால், கடைசித் துளிக்கு 6 மடங்கு விரிவே மிச்சம், திறன் 58.9 சதவீதமாக இறங்குகிறது. வேலையாக மாறாத வெப்பம் புகைக்குழாய் வழியே போகிறது. புகை மேலும் சூடாவது அதற்கு அடையாளம்.

அப்படியானால் டீசல் எப்படி முந்துகிறது? பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் கலந்தே அமுக்குகிறது. 18 வரை அமுக்கினால் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். அதனால் அமுக்க விகிதம் பெரும்பாலும் 10ஐ ஒட்டியே நிற்கிறது, திறன் 60.2 சதவீதம். டீசல் வெறும் காற்றை அமுக்குவதால் முன்கூட்டி எரிய ஏதுமில்லை. கட்-ஆஃப் 2 என்றால் டீசலுக்கு வெற்றி. 3 என்றால் 10 விகித ஓட்டோவிடமும் தோல்வி.

இவை உராய்வையும் சுவர் வழி வெப்ப இழப்பையும் சேர்க்காத எண்கள். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் சோதனையில் காட்டியது சுமார் 26 சதவீதமே.

டீசலுக்கு லாபம் தருவது உயர்ந்த அமுக்கம்; அந்த லாபத்தைத் தின்பது நீளும் எரிதல்.