ரூபாய் சரிந்தால் ஊரில் தங்கம் மலிவா?

சம்பளம் வந்த வாரத்தில் பணமாற்று விகிதத்தைப் பார்ப்பது இங்கு பல வீடுகளில் வழக்கம். ரூபாய் கொஞ்சம் இறங்கினால் போதும், “இப்பவே ஊருக்கு அனுப்பினா ரெண்டு கிராம் கூடவே வாங்கலாமே” என்ற பேச்சு கிளம்பிவிடும். பேச்சு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

தங்கத்துக்கு விலை வைப்பது உலகச் சந்தை. இந்தியா தனக்குத் தேவையான தங்கத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அதனால் ரூபாய் மதிப்பு இறங்கினால் ஊரில் பவுன் விலை அதே அளவுக்கு ஏறிவிடும். கணக்கு எளிதாக இருக்க வட்டமான எண்களை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தை மதிப்பில் 22 காரட் தங்கம் கிராமுக்கு 150 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய், இந்திய இறக்குமதித் தீர்வை 6 விழுக்காடு என்று வையுங்கள். ஊரில் கடைப் பலகையில் விலை ஏறக்குறைய 11,130 ரூபாயாக இருக்கும். நீங்கள் அனுப்பும் 1,000 வெள்ளி 70,000 ரூபாயாகி, சுமார் 6.29 கிராம் வாங்கும். மறுமாதம் ஒரு வெள்ளி 72 ரூபாயானால் பலகை விலையும் 11,448 ரூபாயாகும். அதே 1,000 வெள்ளி அப்போதும் 6.29 கிராம்தான் வாங்கும். கையில் ரூபாய் கூடியது, தங்கம் கூடவில்லை.

ஆகவே, இங்கு வாங்குவதா, ஊரில் வாங்குவதா என்பதை முடிவுசெய்வது பணமாற்று விகிதம் அன்று. தங்கத்தின் மேல் ஏறும் வரி, செய்கூலி, சேதாரம் ஆகியவைதான்.

மூன்று பவுன் சங்கிலி

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பம், திருச்சியில் நடக்கும் அக்கா மகள் திருமணத்துக்கு மூன்று பவுன், அதாவது 24 கிராம், சங்கிலி போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சிராங்கூன் சாலைக் கடையில் 916 தங்கம் அன்றைய பலகை விலையில் கிராமுக்கு 153 வெள்ளி, செய்கூலி கிராமுக்கு 10 வெள்ளி எனக் கொள்வோம். 24 கிராமுக்கு 3,912 வெள்ளி. இதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி 352 வெள்ளி. மொத்தம் 4,264 வெள்ளி.

திருச்சியில் பலகை விலை 11,130 ரூபாய். கடைக்காரர் 10 விழுக்காடு சேதாரம் போடுகிறார். தங்கத்துக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 3 விழுக்காடு. 24 கிராம் சங்கிலி சுமார் 3,02,650 ரூபாய்க்கு வரும். பணம் அனுப்பும் நிறுவனம் 70 ரூபாய்க்குப் பதிலாக 69.65 ரூபாய் தந்து, 6 வெள்ளி கட்டணமும் எடுத்தால், உங்கள் கையிலிருந்து போவது 4,351 வெள்ளி. இங்கு வாங்கியிருந்தால் 87 வெள்ளி மிச்சம்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். பேரம் பேசி, சேதாரத்தை 6 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் ஊர்ச் செலவு 4,193 வெள்ளியாக இறங்கும். இப்போது ஊரில்தான் 71 வெள்ளி லாபம். இரண்டு ரூபாய் விகித மாற்றத்தால் செய்ய முடியாததை நான்கு விழுக்காடு சேதாரம் செய்துவிட்டது.

சேதாரம் வேலைப்பாட்டைப் பொறுத்தது. சாதாரணச் சங்கிலிக்குக் குறைவாகவும் நுணுக்கமான வேலைக்கு மிக அதிகமாகவும் போடுவார்கள். ‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கடையிலும் சேதாரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எல்லை தாண்டும்போது

மேலே சொன்ன 87 வெள்ளி மிச்சம், சங்கிலி சிக்கலில்லாமல் திருச்சி போய்ச் சேர்ந்தால்தான். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண்கள் 40 கிராமும் ஆண்கள் 20 கிராமும் நகையாகத் தீர்வையின்றிக் கொண்டுசெல்லலாம் என்பது இந்தியாவின் 2016 பயணப் பெட்டி விதியாக இருந்தது. பலரும் கவனிக்காதது, அந்த விதியில் எடையோடு மதிப்பு வரம்பும் இருந்ததை. பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய், ஆண்களுக்கு 50,000 ரூபாய். நாம் எடுத்துக்கொண்ட விலையில் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பத்து கிராம்கூட வராது. இந்த வரம்புகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே இந்தியச் சுங்கத்துறையின் இணையத்தளத்தில் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். சலுகை நகைக்கு மட்டும்தான். நாணயத்துக்கும் கட்டிக்கும் கிடையாது. வாங்கிய ரசீதும் பெட்டியில் இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் செலவு உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போய் மனைவிக்குப் புது வளையல் வாங்கி வந்தால், சிங்கப்பூரில் இறங்கும்போது அதற்கும் பொருள், சேவை வரி உண்டு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு வாங்கிவந்த பொருள்களில் 500 வெள்ளி வரைதான் விலக்கு. மீதிக்கு 9 விழுக்காடு. ஊரில் 3 விழுக்காடு கட்டியவர் இங்கே மறுபடியும் கட்ட வேண்டும். ஆகவே இங்கே அணியும் நகையை ஊரில் வாங்குவதில் பெரும்பாலும் லாபம் இல்லை.

ஊரிலிருந்து சுற்றுப்பயணியாக வரும் அம்மா தம் பணத்தில் இங்கு நகை வாங்கி, திரும்பும்போது வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால், அவருடைய கடப்பிதழைக் காட்டி நிரந்தரவாசியோ வேலை அனுமதியில் இருப்பவரோ தமக்கு வாங்கிக்கொள்வது அந்தத் திட்டத்துக்கு எதிரானது.

சேமிப்புக்கு என்றால்

நகையாக அணியாமல், பிள்ளையின் படிப்புக்கு எடுத்துவைக்கும் தங்கம் என்றால் கணக்கு தெளிவாகச் சிங்கப்பூர்ப் பக்கம் சாய்கிறது. குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையுள்ள முதலீட்டுக் கட்டிகளுக்கும் குறிப்பிட்ட சில நாணயங்களுக்கும் 2012 அக்டோபரிலிருந்து இங்கு பொருள், சேவை வரி இல்லை. சேதாரமும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது, அதே கடை அன்றே அதைத் திரும்ப எந்த விலைக்கு வாங்கும் என்பதைத்தான். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் உண்மையான செலவு. சிறு கட்டிகளில் அது விழுக்காட்டுக் கணக்கில் கூடுதலாக இருக்கும்.

ஊரில் வைத்திருக்கும் தங்கத்தின் விலைக்குள் இறக்குமதித் தீர்வையும் இருக்கிறது. விற்கும்போது அந்தப் பங்கும் திரும்பக் கிடைக்கும், அரசாங்கம் தீர்வையைக் குறைக்காதவரை. 2024 ஜூலை 23ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் தீர்வை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடானது. அன்றே அங்கு விலை இறங்கியது. முதல் வாரம் வாங்கியவர்களுக்கு உலகச் சந்தையோ பணமாற்று விகிதமோ காரணமில்லாத நட்டம்.

ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

ஆகவே நகை எங்கே அணியப்படும், எங்கே விற்கப்படும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். திருச்சியிலேயே இருக்கப்போகும் சங்கிலியைத் திருச்சியில் வாங்கினால் விமான நிலையக் கவலை இல்லை. பின்னாளில் மாற்றும்போதும் அதே கடைக்குப் போகலாம்.

பணம் அனுப்புவதற்கு முன், கடையில் நிற்கும் அக்காவிடம் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய பலகை விலை, சேதாரமும் செய்கூலியும் சேர்த்து எத்தனை விழுக்காடு, வரியோடு மொத்தம் எவ்வளவு. அந்த மொத்தத்தை, அனுப்பும் நிறுவனம் உண்மையில் தரும் விகிதத்தால் வகுத்து, கட்டணத்தைக் கூட்டி, கிராம் எடையால் வகுத்தால் ஒரு கிராமின் முழு விலை வெள்ளியில் வந்துவிடும். இங்கே கடை தரும் முழு விலையையும் அதே எடையால் வகுத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கல் பதித்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.

பணம் போய்ச் சேர்ந்து நகை வாங்கியதும், அதிலுள்ள ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது என்பது இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் விதி. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால், நகையின் தூய்மை இங்கிருந்தே உங்கள் கைப்பேசியில் தெரியும்.