சுடோகுவில் சங்கிலி அறுவது எங்கே?

கடினமான சுடோகுவில் நேரடியாக நிரப்பக்கூடிய கட்டங்கள் தீர்ந்ததும் சங்கிலி தொடங்குகிறது. ‘இது இல்லையென்றால் அது’ என்று ஒரு கட்டம் அடுத்ததைக் கட்டாயப்படுத்தும் தொடர் அது. இரண்டே எண்களுக்கு இடமுள்ள கட்டங்களில்தான் அது நன்றாக ஓடும்.

ஓர் உதாரணம். 2ஆம் வரிசையில் 2ஆம் பத்தியில் உள்ள கட்டம் அ. அதில் 3 அல்லது 7. அதே வரிசையில் 8ஆம் பத்தியில் ஆ. அதில் 5 அல்லது 7. அதற்கு நேர் கீழே, 6ஆம் வரிசையில் இ; அதில் 3 அல்லது 5. அ-வில் 3 இல்லையென்றால் 7 வரவேண்டும். அப்போது ஆ-வில் 5, இ-யில் 3. ஆக அ, இ இரண்டில் ஒன்றிலாவது 3 நிச்சயம். 6ஆம் வரிசையும் 2ஆம் பத்தியும் சந்திக்கும் கட்டம் இரண்டுக்கும் பொதுவானது. அதிலிருந்து 3-ஐ அடித்துவிடலாம். இங்கே ஊகம் எதுவும் இல்லை.

இப்போது இ-யில் 9-க்கும் இடமிருப்பதாகக் கொள்வோம். ஆ-வில் 5 வந்தாலும் இ-யில் 3 கட்டாயமில்லை, 9 வரலாம். சங்கிலி அறுந்தது. மூன்றாவது வாய்ப்பு நுழையும் இடமே எப்போதும் அறும் இடம். பலர் இதைக் கவனிக்காமல் 3-ஐ அடித்துவிட்டு, வெகுநேரம் கழித்து ஒரே வரிசையில் இரண்டு 8 வந்து நிற்கும்போது விழிக்கிறார்கள்.

அறுந்தவுடன் ஊகத்துக்குப் போக வேண்டியதில்லை. புதிய கிளையையும் நடந்து பார்க்கலாம். 6ஆம் வரிசையின் 5ஆம் பத்திக் கட்டத்தில் 3, 9 மட்டும் இருந்தால், இ-யில் 9 வரும்போது இதில் 3 வந்தாக வேண்டும். அப்போதும் பொதுக் கட்டத்தில் 3 வராது. எல்லாக் கிளைகளும் ஒரே முடிவைச் சொல்வதால் அது நிரூபணமே. ஒரு கிளை முரணில் முடிந்தால் அதைத் தள்ளுவதும் அப்படித்தான். முரண் வராமல் கிளை ஓடிக்கொண்டே இருப்பது மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. அந்தக் கிளை முழு விடைவரை போய்விட்டால் விடை கிடைத்துவிடும். அது ஒரே விடையா என்பது மற்றக் கிளையையும் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ஒரே விடையுள்ள புதிரில் ஊகம் தவிர்க்க முடியாதது என்ற நிலையே இல்லை. கையால் நடக்கச் சலிப்பூட்டும் அளவுக்குக் கிளைகள் நீளலாம், அவ்வளவுதான். உண்மையில் தவிர்க்க முடியாத இடம் வேறு. 4, 5ஆம் வரிசைகளும் 1, 7ஆம் பத்திகளும் சந்திக்கும் நான்கு கட்டங்களைத் தவிர மற்றதெல்லாம் நிரம்பி, நான்கிலும் 2, 6 மட்டுமே மிஞ்சினால், இரண்டையும் இடம் மாற்றினாலும் எந்த விதியும் மீறப்படாது. எந்தச் சங்கிலியாலும் அங்கே முடிவு சொல்ல முடியாது. தீர்ப்பவர் முன்பே பிழை செய்திருக்கலாம், எண்களைத் தவறாகப் பிரதியெடுத்திருக்கலாம். இல்லையென்றால் புதிருக்கே இரண்டு விடைகள். கொடுத்த எண்கள் 16 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் ஒரே விடை அமையவே அமையாது என்று டப்ளினில் கேரி மெக்வையரின் குழு 2012இல் கணினியால் நிறுவியது. 17-க்கு மேல் இருந்தாலும் ஒரே விடை என்ற உத்தரவாதம் தானாக வந்துவிடாது.