அழித்த வீடியோவோடு போன மணிநேரம்

யூடியூபில் முழு விளம்பர வருமானம் பெற ஒரு வழி, 1,000 சந்தாதாரர்களோடு, கடந்த 365 நாட்களில் 4,000 பார்வை மணிநேரமும் சேர்ப்பது. பொதுவில் இருக்கும் வீடியோக்களின் நேரம் மட்டுமே இதில் சேரும்.

ஒரு சமையல் சேனல் 4,120 மணிநேரத்தை எட்டியதாக வைத்துக்கொள்வோம். 2021-இல் ஏற்றிய ரசம் வீடியோ மங்கலாக இருக்கிறதென்று அழிக்கிறார்கள். வீடியோ பழசுதான், ஆனால் இந்த ஓராண்டில் மட்டும் அதை 310 மணிநேரம் பார்த்திருக்கிறார்கள். அது கழிந்ததும் மிச்சம் 3,810. தகுதிக்கு இன்னும் 190 தேவை.

அழித்ததை மீட்க முடியாது. மறுபடி ஏற்றினாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். பிரைவேட் ஆக்கினாலும் நேரம் குறையும். ஆனால் அதைத் திரும்பப் பொதுவாக்க வழியுண்டு. ஆகவே அழிக்கும் முன், அந்த வீடியோவின் கடைசி 365 நாள் பார்வை நேரத்தைப் பாருங்கள்.